கணவருக்கு மனச்சோர்வு, மனைவிக்கு அவரைக் காவல் காக்கும் வேலை: ஒரு தம்பதியர் சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இருவரும் எழுதுவதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஆள் தெரியாதபடி வயது, வேலை, குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

கணவருக்கு 41 வயது, மனைவிக்கு 38. மணமாகி 12 ஆண்டுகள், ஒன்பது வயதில் ஒரு மகள். கணவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர். என்னிடம் வருவதற்கு 14 மாதங்களுக்கு முன் அந்தப் பிரிவைக் கலைத்து அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் புதிய இடத்தில் அவரிடம் யாரும் வந்து எதையும் கேட்க வேண்டியதில்லை. முன்பு மாதக் கடைசியில் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது என்பதை அவரே இரண்டு முறை சொன்னார்.

மூன்று நான்கு மாதங்களில் தூக்கம் கெட்டது. விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் வராது. பசி குறைந்தது, எதிலும் ஆர்வம் இல்லை, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வந்தது. ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவே தெரியும். அதனால் வீட்டில் அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை, குணம் மாறிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். வேலை மாறி ஒரு வருடம் கழித்தே மனநல மருத்துவரிடம் போனார்கள். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன. அளவுக்கு மீறிய உற்சாகத்தில் நாட்கணக்கில் தூங்காமல் இருந்த காலம் ஏதும் முன்பு இருந்ததில்லை என்பதையும் மருத்துவர் கேட்டு உறுதி செய்திருந்தார். மருந்து தொடங்கி ஆறு வாரத்தில் தூக்கம் கொஞ்சம் சரியானது. ஆனால் மனைவி மருத்துவரிடம், “மாத்திரை சாப்பிடுறாரு, ஆனா வீட்டுல ஒரு ஆள் இருக்கிற மாதிரியே இல்ல டாக்டர்” என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் அவர்களை என்னிடம் அனுப்பினார்.

ஏன் இருவரையும் சேர்த்து?

மனச்சோர்வு உள்ள எல்லாருக்கும் தம்பதியர் சிகிச்சை தேவைப்படாது. 1990களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகளிலேயே இது தெளிவாகிவிட்டது. உறவு நன்றாக இருக்கும் வீட்டில் தம்பதியர் சிகிச்சையால் மனச்சோர்வுக்குப் பெரிய பலன் இல்லை, அங்கே தனிநபர் சிகிச்சையே மேல். உறவும் கெட்டிருந்தால் இரண்டு சிகிச்சையும் மனச்சோர்வைக் குறைத்தன, ஆனால் உறவைச் சரிசெய்தது தம்பதியர் சிகிச்சை மட்டும்தான். ஆகவே நான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது உறவு உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்பதை.

இருவருக்கும் இரண்டு கேள்வித்தாள்கள் கொடுத்தேன். ஒன்று மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் பி.எச்.க்யூ-9. மொத்தம் 27 மதிப்பெண், 15 அல்லது அதற்கு மேல் என்றால் ஓரளவு கடுமையானது என்று கணக்கு. கணவர் 17, மனைவி 8. மற்றது 16 கேள்விகள் கொண்ட தம்பதியர் திருப்தி அளவுகோல். மொத்தம் 81, சுமார் 51க்குக் கீழே போனால் உறவு சிக்கலில் இருக்கிறது என்று கொள்வது வழக்கம். கணவர் 36, மனைவி 31. மருந்து மருத்துவரின் பொறுப்பில் தொடரட்டும், அதோடு சேர்த்து இருவரையும் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. வாரம் ஒன்று என்று தொடங்கி 16 அமர்வுகளுக்குத் திட்டமிட்டோம்.

முதல் அமர்வு: ஒரே ஒரு மாலை நேரம்

இதற்கு 90 நிமிடம் வைத்திருந்தேன். கணவரைப் பார்த்து நான் கேட்ட முதல் நான்கு கேள்விகளில் மூன்றுக்கு மனைவிதான் பதில் சொன்னார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் மனைவியின் முகத்தைப் பார்த்தார், அவர் அதற்குள் சொல்லி முடித்திருப்பார். இதில் யாரும் யாரையும் அடக்கவில்லை. 14 மாதமாக மௌனத்தை நிரப்பிப் பழகியவர், இங்கேயும் நிரப்பினார்.

எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்டபோது இருவரும் ஒரு முறை சிரித்தார்கள். இந்தக் கேள்வியை நான் சம்பிரதாயத்துக்காகக் கேட்பதில்லை. பழைய நல்ல காலத்தைக் கொஞ்சமாவது சூட்டோடு சொல்ல முடிகிறதா, அதையும் கசப்பாகத்தான் சொல்கிறார்களா என்பது மேலே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் காட்டிவிடும்.

அப்புறம், கடைசியாக மோசமாகப் போன ஒரு மாலையை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னேன். “எப்பவும் இப்படித்தான்” என்ற பேச்சை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஒரு நாளை முழுசாகக் கேட்டால்தான் வேலை செய்யலாம். அவர் வீட்டுக்கு வந்து போனோடு உட்கார்கிறார். “என்னங்க, இன்னிக்கு எப்படி இருந்துச்சு?” “ஒண்ணுமில்ல.” மறுபடி கேட்கிறார். “சொன்னாத்தானே தெரியும்?” மூன்றாவது முறை அவர் வெடிக்கிறார்: “நான் எதுக்கும் லாயக்கில்லாதவன், விட்டுடு.” மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, “அப்படியெல்லாம் இல்லீங்க” என்கிறார். “நீ சும்மா சொல்ற.” மறுபடி ஆறுதல், மறுபடி மறுப்பு. நாலாவது சுற்றில் மனைவியின் குரல் மாறுகிறது: “எத்தனை தடவைதான் சொல்றது?” அவர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார். மனைவி கதவுக்கு வெளியே சத்தம் ஏதும் கேட்கிறதா என்று நிற்கிறார். பிறகு, அவர் செய்வதாகச் சொல்லியிருந்த வேலைகளையும் தானே செய்துவிட்டுப் படுக்கிறார்.

1976இல் உளவியலாளர் ஜேம்ஸ் கோயின் விவரித்த சுழல் இதேதான். மனச்சோர்வில் இருப்பவர் ஆறுதலைத் தேடுகிறார், கிடைத்த ஆறுதலை நம்ப முடியாமல் மறுபடி சோதிக்கிறார், கொடுப்பவர் களைத்துப் போய்க் குரலில் சலிப்பைக் காட்டுகிறார், “நான் நினைச்சது சரிதான்” என்று முதலாமவர் முடிவுக்கு வருகிறார். ஒவ்வொருவர் செய்வதும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும்.

தனித்தனி அமர்வுகள்

இரண்டாவது, மூன்றாவது அமர்வுகளில் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்தேன். அதற்கு முன்பே, இருவரும் சேர்ந்திருக்கும்போது, ரகசியம் பற்றிய விதியைச் சொல்லிவிட்டேன். தனியாகச் சொல்வதை நான் அடுத்தவரிடம் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் சிகிச்சையையே அர்த்தமில்லாமல் ஆக்கும் விஷயம் என்றால், அதை அவரே சொல்ல நேரம் தருவேன், சொல்ல மறுத்தால் சேர்ந்த அமர்வுகளைத் தொடர மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதி பொருந்தாது.

இருவரிடமும் தனியாகத்தான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அடி, மிரட்டல், பயம். சேர்ந்திருக்கும்போது கேட்டால் பயப்படுபவர் இல்லை என்றுதான் சொல்வார். ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் இடத்தில் மனம் திறந்து பேசும் பயிற்சி கொடுத்தால், அமர்வில் பேசியதற்கு வீட்டில் அடி விழும். இவர்களிடம் அது இல்லை. அவருடைய எரிச்சல் சொல்லோடு நின்றது.

பி.எச்.க்யூவின் ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணங்களைக் கேட்பது. கணவர் ‘சில நாட்கள்’ என்று குறித்திருந்தார். நேரடியாகக் கேட்டேன். “காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணும்” என்றார். திட்டம், வழி, முயற்சி, நாள் குறித்த எண்ணம் எதுவும் இல்லை. மகளின் பெயரைச் சொல்லி, அவளுக்காகவே அப்படி எதுவும் செய்ய மாட்டேன் என்றார். உடனடி ஆபத்து இல்லை என்று மதிப்பிட்டேன். அன்றே அவர் அனுமதியோடு மருத்துவரிடம் பேசினேன். மருந்தை இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே தடவையில் தருவதில்லை என்று முடிவானது. மாத்திரைகளை மனைவியிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்வதுதான் எளிய வழி. ஆனால் இந்த வீட்டில் அவருக்கு இன்னொரு காவல் வேலை கொடுப்பதைத் தவிர்க்க நினைத்தோம். எண்ணம் திட்டமாக மாறினால் யாரை அழைப்பது, எங்கே போவது, அப்போது தம்பதியர் அமர்வை நிறுத்திவிட்டு மருத்துவமனையை நாடுவது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கணவரிடமே கொடுத்தேன்.

இதை மனைவியிடம் சொல்லலாமா என்று கேட்டேன். “வேண்டாம், அவ பயந்துடுவா” என்றார். நான் வற்புறுத்தவில்லை, யோசிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் மனைவி தனியாக வந்தபோது, நான் எதுவும் கேட்காமலே, தான் ஏன் கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று சொன்னார். அந்தப் பயத்தோடு அவர் எட்டு மாதமாகத் தூங்கப் போய்க்கொண்டிருந்தார். அவர் மறைத்தார், இவர் தெரிந்துகொண்டு தெரியாததுபோல இருந்தார். நான்காவது அமர்வின் தொடக்கத்தில் கணவரே அதைச் சொன்னார். மனைவி அழுதார், ஆனால் “இப்பவாவது சொன்னீங்களே” என்றுதான் அவர் வாயில் வந்தது.

மனைவி தனியாகச் சொன்னது இன்னொன்றும் உண்டு. “போயிடலாமான்னு தோணியிருக்கு. ஒரு தடவை பெட்டியைக்கூட எடுத்துட்டேன்.” இதில்தான் நான் அதிகம் தயங்கினேன். சாவைப் பற்றி யோசிக்கும் ஒருவரிடம் ‘உன் மனைவி போக நினைத்தாள்’ என்பதை இப்போது சொல்ல வைப்பதா? இது முடிவல்ல, களைப்பில் வந்த எண்ணம், திட்டம் ஏதும் இல்லை என்று நான் புரிந்துகொண்டதால், இப்போதைக்கு அவரிடமே இருக்கட்டும், எட்டாவது அமர்வையொட்டி மறுபடி பேசலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். வேறொருவருடன் உறவு இருந்திருந்தால் இப்படித் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார், 1 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள். ஹூலியும் டீஸ்டேலும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்விலிருந்து தேறியவர்களில் யாருக்கு நோய் திரும்பும் என்பதை மற்ற அளவீடுகளைவிட இந்த ஒற்றைக் கேள்விதான் நன்றாகக் காட்டியது. கணவர் 8 என்றார். மனைவியிடம், அவர் என்ன எண் கொடுத்திருப்பார் என்று ஊகிக்கச் சொன்னேன். “3 இருக்கும். நான் எங்க குறை சொல்றேன், எல்லாத்தையும் நானே செஞ்சுடறேனே” என்றார். அவர் எல்லாவற்றையும் தானே செய்வதுதான் கணவருக்குக் குறையாகக் கேட்டது.

நான்காவது அமர்வு: வட்டம்

முதல் மூன்று அமர்வுகளில் கண்டதை இருவர் எதிரிலும் வைப்பது இந்த அமர்வின் வேலை. ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் வரைந்து, அவர்கள் சொன்ன அந்த மாலையை அவர்கள் வார்த்தைகளிலேயே எழுதினேன். ‘ஒண்ணுமில்ல’, ‘சொன்னாத்தானே தெரியும்’, ‘லாயக்கில்லாதவன்’, ‘எத்தனை தடவைதான்’, சாத்திய கதவு. நடுவில் ‘மனச்சோர்வு’ என்று எழுதினேன். யார் தொடங்கினார் என்று கேட்டேன். இருவரும் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார்கள். கணவர் சொன்னார்: “எங்க தொடங்குனாலும் ஒரே இடத்துக்குத்தான் வருது.”

மனச்சோர்வு ஒரு நோய்தான், அதை மனைவி உண்டாக்கவில்லை என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். வட்டம் வரைந்தால் பல பேருக்கு ‘அப்ப என்னாலதான்’ என்று கேட்கும். மனைவிக்கும் அப்படித்தான் கேட்டது, வாய்விட்டே கேட்டுவிட்டார்.

ஐந்தும் ஆறும்: என் தவறு

மனச்சோர்வில் உடம்பை அசைக்க வைப்பது, சின்னச் சின்னச் செயல்களை நாளில் ஏற்றுவது தெரிந்த வழி. உறவுக்கு, சேர்ந்து செய்யும் இனிய விஷயம் ஒன்று வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினேன்: தினமும் காலையில் 20 நிமிடம் இருவரும் சேர்ந்து நடப்பது. தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆறாவது அமர்வுக்கு மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். தேதி போட்டு, நடந்த நாளுக்கு டிக், நடக்காத நாளுக்குப் பெருக்கல் குறி. 14 நாளில் ஐந்து டிக். அவர் அதை எனக்கு உதவியாக எடுத்து நீட்டினார். கணவர் நோட்டைப் பார்த்தார், பிறகு அந்த அமர்வு முழுதும் தரையைப் பார்த்தார். நான்காவது வாரத்தில் 15க்கு இறங்கியிருந்த அவருடைய பி.எச்.க்யூ மதிப்பெண் அன்று 19. ஒன்பதாவது கேள்வியில் மாற்றம் இல்லை, திட்டமும் இல்லை என்பதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

துணையைத் துணைச் சிகிச்சையாளர் ஆக்குவது பல நோய்களில் பலன் தருகிறது. இங்கே அது, ஏற்கெனவே இருந்த காவல் வேலைக்கு நானே கையெழுத்துப் போட்டு உத்தரவு கொடுத்ததுபோல ஆகிவிட்டது. மனைவி குறை சொல்வதற்குக் கணவர் தந்த 8 என்ற எண் என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டே இந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கிறேன்.

ஏழாவது அமர்விலிருந்து

தவறு என்னுடையது என்று இருவரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். மனைவி நோட்டைப் பைக்குள் வைத்தார், மறுபடி கொண்டுவரவில்லை.

கணவரின் செயல்களை அவரே தேர்ந்தெடுப்பது, அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கக் கூடாது, வாரம் ஒரு முறை என்னிடம் மட்டும் சொல்வது என்று மாற்றினோம். அவர் தேர்ந்தெடுத்தது மிகச் சிறியது: எழுந்த பத்து நிமிடத்துக்குள் வாசல் வரை போய் வருவது. பரவாயில்லை என்றேன். ‘எப்படி இருக்கீங்க’ என்ற கேள்வியை நாள் முழுதும் கேட்காமல், இரவில் 15 நிமிடம் அதற்கென்று ஒதுக்கினோம். பேசுபவர் முதலிலேயே சொல்ல வேண்டும்: சும்மா கேட்டால் போதுமா, யோசனை வேண்டுமா. முதல் இரண்டு முறை என் எதிரிலேயே செய்து பார்த்தார்கள். மனைவிக்குச் சும்மா கேட்பது கஷ்டமாக இருந்தது, கை தானாக எழுந்தது, ஏதோ சரிசெய்யப் போவதுபோல.

‘நான் லாயக்கில்லாதவன்’ என்பதற்கு என்ன சொல்வது என்பதில் ஓர் அமர்வு முழுதும் போனது. மறுப்பது சுழலைத் தொடங்கும், பேசாமல் இருந்தால் ஆமாம் என்றாகும். கடைசியில் மனைவியே ஒரு வாக்கியம் கண்டுபிடித்தார்: “இன்னிக்கு ரொம்பக் கனமா இருக்கு போல.” வாதத்துக்கு அதில் இடம் இல்லை. கணவருக்கும் அது பிடித்திருந்தது.

வீட்டு வேலை ஒன்றையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தோம். மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது முன்பு அவர் வேலை. மனைவி அதில் தலையிடக் கூடாது என்பது விதி. முதல் வாரம் இரண்டு நாள் அவர் தூங்கிவிட்டார். மகள் நோட்டோடு காத்திருந்தாள். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாராம். மூன்றாம் நாள் அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்தார். அவ்வளவு காத்திருக்க விட்டது சரியா என்று எனக்கு இன்றும் ஒரு தயக்கம் உண்டு. குழந்தையிடம், அப்பா உடம்பு சரியில்லாமல் இருக்கிறார், சில நாள் முடியாது, உன் தப்பு இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

பின் தொடர்ந்தது

கணவர் தேறத் தேற மனைவியின் கோபம் மேலே வந்தது. பார்த்துக்கொண்டவருக்கு, இனி உடைந்தாலும் பரவாயில்லை என்று ஆனபிறகுதான் உடைய முடியும். இதை எதிர்பார்க்காமல் இருந்தால் சிகிச்சை பின்னால் போகிறது என்று தோன்றும். ஒன்பதாவது அமர்வில், முன்பு பேசிக்கொண்டபடி, பெட்டி எடுத்ததை அவரே சொன்னார். கணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எந்த மாசம்?” என்று கேட்டார். அவர் சொன்னார். “அந்த மாசம் உன்கிட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசின ஞாபகம் இல்ல” என்றார் கணவர். அந்த அமர்வின் மீதி நேரத்தில் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அன்று மாலையே கணவரை அழைத்து எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐந்தரை மாதத்தில் 16 அமர்வுகள் முடிந்தன. கணவரின் பி.எச்.க்யூ 7, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 6. முழுதும் விலகிவிட்டது என்று சொல்ல 5க்குக் கீழே போக வேண்டும், போகவில்லை. சாவு எண்ணம் இல்லை. குறை சொல்வது பற்றிய எண் 8இலிருந்து 4. உறவுத் திருப்தி கணவருக்கு 55, மனைவிக்கு 50, அதாவது எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. உடலுறவில் விலகல் தொடர்ந்தது. மனச்சோர்வாலா மருந்தாலா என்று பிரிப்பது கடினம், இந்த வகை மருந்துகள் ஆசையைக் குறைப்பது சாதாரணம். தானாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லும்படி அனுப்பினேன், அவர் மருந்தை மாற்றினார்.

எதை மாற்றுவேன்

கேள்வித்தாள்களை முதல் அமர்வின் முடிவில் வாங்கி மேசையில் வைத்தேன், இரவில்தான் பிரித்தேன். ஒன்பதாவது கேள்விக்கான பதில் மூன்று மணி நேரம் என் மேசையில் கிடந்தது. அன்று இரவே அழைத்துப் பேசினேன், விபரீதம் ஏதும் இல்லை. இப்போது தாளை வாங்கியவுடன், அவர்கள் எழுந்து போவதற்கு முன் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுகிறேன்.

மனைவியின் பி.எச்.க்யூ மதிப்பெண்ணான 8ஐ ‘லேசானது’ என்று குறித்துக்கொண்டு அப்படியே விட்டேன். அவருக்கென்று வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது ஏழாவது அமர்வில்தான் பேச்சுக்கு வந்தது. முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும்.

குறை பற்றிய எண்ணைக் கேட்பதோடு, இப்போது அதை வைத்தே வீட்டுப் பயிற்சியைத் தீர்மானிக்கிறேன். 6க்கு மேல் என்றால், ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்கும்படியான எதையும் முதல் மாதத்தில் கொடுப்பதில்லை. 6 என்பது என் சொந்தக் கணக்கு, ஆய்வில் வந்த எல்லை அல்ல.